போனில் ஓடுது, லெப்டொப்பில் ஓடல: குற்றம் பிள்ளையில் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர், ஆசிரியர், டவுனில் ரீலோட் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் எல்லாரும் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை. ஏ.எல். பாஸ் பண்ணி, பல்கலைக்கழக விண்ணப்பம் போட வேண்டிய கட்டம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம் இப்போது ஒன்லைனில்தான். எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப ஒழுங்கில் நீளமாக நிரப்ப வேண்டும். அந்த ஒழுங்கு ஓரிடத்தில் பிசகினாலும் பிள்ளையின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிடும். சின்ன போன் திரையில் அதைச் செய்யப் பயந்து, கொழும்பில் வேலை செய்யும் அண்ணனின் பழைய லெப்டொப்பை வாங்கி வைத்திருந்தாள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் பின்னேரம் அவளின் அம்மா எனக்குக் கோல் எடுத்தார்.

"டீச்சர், போன்ல எல்லாம் நல்லா ஓடுது. ஹொட்ஸ்பொட் போட்டா லெப்டொப் கனெக்ட் ஆகுது. ஆனா ஒண்ணுமே தெறக்குது இல்ல. புள்ள அழுதுகிட்டு இருக்கா."

அதற்கு முன்பே அவர்கள் மூன்று பேரிடம் கேட்டிருந்தார்கள். ஒருவர் "லெப்டொப் பழசு, வைபை கார்ட் போயிருக்கும்" என்றாராம். இன்னொருவர் "தோட்டத்துல சிக்னல் அப்படித்தான், மேட்டுக்கு ஏறிப் பாருங்க" என்றாராம். மூன்றாமவர் "உங்களுக்குப் பாவிக்கத் தெரியல்ல" என்றாராம். மூன்றும் பிழை. லெப்டொப்பில் குறை இல்லை. சிக்னலில் குறை இல்லை. பிள்ளையிடம் நிச்சயமாக இல்லை.

குறை அவர்களுக்கு விற்கப்பட்ட சாமானில் இருந்தது. அந்த போனில் மாதக்கணக்காக இன்டர்நெட்டே இருக்கவில்லை. அது யாருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விசயத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஹொட்ஸ்பொட்டில் இரண்டு பாதை இருக்கிறது. லெப்டொப்பிலிருந்து போனுக்கு ஒரு பாதை. போனிலிருந்து டவருக்கும் கம்பனிக்கும் இன்னொரு பாதை. "கனெக்ட் ஆகுது" என்று நாம் சொல்வது முதல் பாதையை மட்டும்தான். உங்கள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதை நல்லா இருக்கிறது என்பதால் ஹட்டன் பஸ் ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை அல்லவா? அதே மாதிரித்தான்.

லெப்டொப்பில் `No internet, secured` என்று எழுதி வருமே, அதை விண்டோஸ் எப்படித் தீர்மானிக்கிறது தெரியுமா? வைபையில் சேர்ந்தவுடன் அது மைக்ரோசொப்ட்டின் ஒரு சின்னப் பக்கத்தைத் தேடிப் போகும். அந்தப் பக்கத்தின் முகவரி இது:

```
http://www.msftconnecttest.com/connecttest.txt
```

அங்கே `Microsoft Connect Test` என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த வரி திரும்பி வந்தால் "இன்டர்நெட் இருக்கு" என்று எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் "இல்லை" என்று எழுதிவிடும். அவ்வளவுதான் அந்தப் பரிசோதனை.

இப்போது அந்தப் பிள்ளையின் போனைப் பாருங்கள். அதில் போட்டிருந்தது சோசியல் மீடியா பெக்கேஜ். வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மாதிரி சில செயலிகளுக்கு மட்டும் ஓடும் டேட்டா. வட்ஸ்அப் மெசேஜ் போகும், யூடியூப்பில் பாட்டு ஓடும், பேஸ்புக்கில் படம் வரும். "எல்லாம் ஓடுது" என்று அந்த அம்மா சொன்னது பொய் இல்லை. அவர்கள் தொடும் மூன்றும் ஓடின. ஆனால் மைக்ரோசொப்ட்டின் அந்தச் சின்னப் பக்கம் அந்தப் பெக்கேஜில் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பக்கமும் இல்லை. லெப்டொப் கேட்டது, கம்பனி மறுத்தது, லெப்டொப் உள்ளதை உள்ளபடி எழுதியது. மற்ற எல்லாரையும்விட அந்தப் பழைய லெப்டொப்தான் உண்மை பேசியது.

நான் கோலில் ஒரே ஒரு வேலைதான் செய்யச் சொன்னேன். "ஹொட்ஸ்பொட்டை மறந்துட்டு, போன்லயே குரோமைத் திறந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பக்கத்தைப் போடுங்க." போட்டார்கள். போனிலும் திறக்கவில்லை. அந்த இடத்தில் விசயம் முடிந்தது. போனுக்கே இல்லாததைப் போன் லெப்டொப்புக்கு எங்கிருந்து கொடுக்கும்?

இந்தச் சோதனையை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹொட்ஸ்பொட் வேலை செய்யாவிட்டால் முதலில் லெப்டொப்பைத் தொடாதீர்கள். போனில், வைபை ஓஃப் பண்ணிய நிலையில், வட்ஸ்அப்போ யூடியூப்போ அல்லாத, நீங்கள் முன்பு திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். முன்பு திறந்த பக்கம் என்றால் போனில் சேமித்து வைத்த பழைய பிரதியைக் காட்டி ஏமாற்றக்கூடும். புதுப் பக்கம் திறக்காவிட்டால் பிரச்சினை பெக்கேஜில். கேபிள் போட்டு யூஎஸ்பியில் கொடுத்தாலும், புளூடூத்தில் கொடுத்தாலும் அதே கதைதான். ஏனென்றால் அடைப்பு இருப்பது போனுக்கு அந்தப் பக்கம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. லெப்டொப்பில் `No internet` என்று இருக்கும்போதே web.whatsapp.com மட்டும் சில வேளை திறக்கும். அப்படித் திறந்தால் சந்தேகமே வேண்டாம், அது செயலி டேட்டாதான்.

நாம் என்ன பார்க்கிறோம் என்று கம்பனிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மாணவன் கேட்டான். மெசேஜுக்குள் இருப்பதை அவர்களால் வாசிக்க முடியாது, அது பூட்டி அனுப்பப்படுகிறது. ஆனால் தபாலின் வெளியே முகவரி இருப்பது போல, எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற பெயர் தொடக்கத்தில் வெளியே தெரியும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் "இது பெக்கேஜுக்குள், இது வெளியே" என்று பிரிக்கிறார்கள்.

ஹொட்ஸ்பொட்டையும் கண்டுபிடிக்க முடியும். அனுப்பும் ஒவ்வொரு பொதியிலும் ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு கருவியையும் தாண்டும்போது அது ஒன்று குறையும். போன் தானே அனுப்பினால் வழக்கமாக 64 இல் தொடங்கும். விண்டோஸ் லெப்டொப் 128 இல் தொடங்கும், போனைத் தாண்டும்போது 127 ஆகிவிடும். 127 என்று கண்டால் பின்னால் ஒரு லெப்டொப் இருக்கிறது என்று ஊகிக்கலாம். இதை மாற்றி ஏமாற்றும் வழியை யூடியூப்பில் சிலர் சொல்லித் தருகிறார்கள். நான் சொல்லித் தரமாட்டேன். காசு கொடுத்து வாங்கிய ஒன்றை நாம் ஏன் திருடன் மாதிரி பாவிக்க வேண்டும்? நேரே கேட்டு வாங்குவோம்.

சரி, பிள்ளையின் கதைக்கு வருவோம். அவளின் தம்பி கடைக்கு ஓடிப்போய் ரீலோட் போட்டு, பொது டேட்டா 1 ஜீபி வாங்கினான். லெப்டொப்பில் அந்த எழுத்து மறைந்தது. எல்லாருக்கும் சந்தோசம். விண்ணப்பத்தைத் தொடங்கினாள். அரை மணித்தியாலத்தில் மறுபடி நின்றது. பார்த்தால் டேட்டா முடிந்து போயிருக்கிறது. அவள் திறந்தது நாலைந்து பக்கம்தான்.

யார் தின்றது? விண்டோஸ். பல மாதமாக இன்டர்நெட் காணாத லெப்டொப் அது. வழி கிடைத்தவுடன் அப்டேட் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கத் தொடங்கிவிட்டது. அது வைபை என்று மட்டும்தான் பார்க்கும். பின்னால் இருப்பது ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் ரீலோட் என்று அதற்குத் தெரியாது.

இதற்கு மருந்து ஒரு சுவிட்ச். லெப்டொப்பில் `Settings`, பிறகு `Network & internet`, பிறகு `Wi-Fi`, அதில் உங்கள் ஹொட்ஸ்பொட்டின் பெயரைத் தொட்டு `Metered connection` என்பதை ஓன் பண்ணுங்கள். "இது அளந்து காசு கொடுக்கும் லைன்" என்று விண்டோஸுக்குச் சொல்லும் வழி அதுதான். அப்டேட்டில் பெரும்பகுதி நின்றுவிடும், வன்டிரைவும் நின்று நிற்கும். ஒவ்வொரு ஹொட்ஸ்பொட்டுக்கும் ஒரு தடவை செய்தால் போதும். ஹொட்ஸ்பொட் கொடுப்பதற்கு முன்பே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது ரீலோட். இரவு ஒன்பது மணிக்கு மேல் விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள். அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்கு முடிந்தது. ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு அந்தக் குடும்பம் ஒரு சோசியல் மீடியா பெக்கேஜும் இரண்டு ரீலோட்டும் செலவழித்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று வருசக்கணக்காகப் போராடிய மக்கள் நாம். நம்மிடம் விற்கும் பெக்கேஜில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்பது சின்ன விசயம் இல்லை.

இதற்குப் பிறகு என் பாடசாலைப் பிள்ளைகளின் வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். அதே மாதிரி இன்னும் இரண்டு வகை ஏமாற்றம் இருக்கிறது.

ஒன்று, இரவு டேட்டா. பெக்கேஜின் பெயரில் பெரிய எண் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் ஒரு பெரிய பங்கு நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு மட்டும் ஓடுவது. பகல் பங்கு முடிந்துவிட்டால், அப்பில் இன்னும் பல ஜீபி மிச்சம் என்று காட்டும், ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு லெப்டொப் "இல்லை" என்று சொல்லும். காலை ஐந்து மணிக்கு எழும்பி மலைக்குப் போகிற வீட்டில் யார் நள்ளிரவு விழித்திருந்து படிப்பது? மிச்சத்தைப் பார்க்கும்போது மொத்தத்தைப் பார்க்காதீர்கள். பகல், இரவு, செயலி, பொது என்று பிரித்துப் பாருங்கள். "பொது, பகல்" என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் லெப்டொப்புக்கு உரியது.

மற்றது, அன்லிமிட்டட். இதில் நானே மாட்டினேன். அன்லிமிட்டட் என்ற பெக்கேஜ் ஒன்றை வாங்கிச் சந்தோசமாக இருந்தேன். பின்னேரம் வினாத்தாள் ஒன்றை இறக்கப் போனால் லெப்டொப்பில் `Connected` என்று இருக்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. போனில் வட்ஸ்அப் மெசேஜ் மட்டும் போய் வருகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு அளவு இருக்கிறது, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள் என்பது சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

குறைத்த வேகம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 128 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே அது விநாடிக்கு 16 கிலோபைட். 1 எம்பி வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். இன்றைய சாதாரண இணையப் பக்கம் ஒன்று 2, 3 எம்பி இருக்கும். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதற்கிடையில் பிரவுசர் சலித்துப்போய் "திறக்க முடியவில்லை" என்று சொல்லிவிடும். லெப்டொப்பில் பின்னால் அப்டேட்டும் ஓடினால் அந்த 16 கிலோபைட்டையும் அதுதான் எடுக்கும். எழுத்து மெசேஜ் ஒன்றுக்குச் சில கிலோபைட் போதும் என்பதால் போன் நல்லா ஓடுவது போலத் தோன்றும். துண்டிக்கவில்லை என்பது அவர்கள் சொல்லும் நியாயம். குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால் அதுவும் தண்ணீர்தான், ஆனால் குடம் நிரம்பாது.

இது குறைத்த வேகமா அல்லது டவரில் சனக்கூட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் fast.com திறந்து மூன்று, நாலு தடவை பாருங்கள். டவர் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும், இரவு ஏழு முதல் பத்து வரை மோசமாகவும் அதிகாலையில் நல்லாகவும் இருக்கும். வேகத்தைப் பூட்டியிருந்தால் எத்தனை தடவை பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். புது நாள் பிறந்ததும் அல்லது பெக்கேஜைப் புதுப்பித்ததும் சட்டென்று சரியாகிவிடும். மேட்டுக்கு ஏறினாலும் அது மாறாது.

இனி, நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் கம்பனி காரணம் இல்லை. சில வேளை உண்மையிலேயே செட்டிங்தான். போனில் எந்தத் தளமும் திறக்கிறது, பொது டேட்டா மிச்சம் இருக்கிறது, வேகமும் இருக்கிறது, லெப்டொப்பில் மட்டும் இல்லை என்றால் அப்போது லெப்டொப் பக்கம் வாருங்கள். விண்டோஸில் `cmd` என்று தேடித் திறந்து இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அடியுங்கள்:

```
ipconfig
ping 8.8.8.8
ping google.com
```

முதலாவதில் `IPv4 Address` என்ற வரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் போன் லெப்டொப்புக்கு முகவரியே கொடுக்கவில்லை. ஹொட்ஸ்பொட்டை ஓஃப் பண்ணி, லெப்டொப்பில் அந்தப் பெயரை `Forget` பண்ணி, மறுபடி சேருங்கள். 192.168 மாதிரி எண் இருந்தால் முதல் பாதை நல்லா இருக்கிறது.

இரண்டாவதுக்குப் பதில் வந்து, மூன்றாவதுக்கு `could not find host` என்று வந்தால், பாதை இருக்கிறது, பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. பழைய லெப்டொப்பை யாராவது அலுவலகத்தில் பாவித்தபோது கையால் போட்ட எண் இன்னும் இருக்கும். அதே வைபை செட்டிங்கில் `DNS server assignment` என்பதை `Automatic (DHCP)` ஆக மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

முகவரி சரியாக இருந்து, இரண்டாவதுக்கும் பதில் இல்லை, ஆனால் போனில் எல்லாத் தளமும் நல்லா ஓடுகிறது என்றால் போனின் ஏபிஎன்னைப் பாருங்கள். அன்ட்ரொய்ட் போனில் மொபைல் நெட்வேர்க் செட்டிங்கில் `Access Point Names` என்று இருக்கும். உங்கள் சிம்முக்குரியதைத் திறந்தால் `APN type` என்று ஒரு இடம் வரும். சில போன்கள் ஹொட்ஸ்பொட்டுக்கு என்று தனியாக `dun` என்ற வகையைத் தேடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போன்களில் இந்தச் சிக்கல் வரலாம். அங்கே இப்படி இருக்கும்படி மாற்றிச் சேமித்து, போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கள்:

```
default,supl,dun
```

மாற்றுவதற்கு முன் பழையதைப் போட்டோ பிடித்து வையுங்கள். ஐபோன் என்றால் செலியுலர் செட்டிங்கில் `Personal Hotspot` என்ற பகுதியில் ஏபிஎன் பெயர் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் ஹொட்ஸ்பொட்டுக்கு நீங்களே போட்ட டேட்டா எல்லை ஒன்று மறந்துபோய் இருக்கும், அதையும் பாருங்கள். செட்டிங்கில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

இனி, இந்தக் கதையைச் சொன்னால் வழக்கமாக வரும் பதிலுக்கு வருகிறேன். "டீச்சர், அந்தப் பெக்கேஜ் மலிவு. ஏழைகளுக்கு உதவியாக இருக்கு. மலிவா வாங்கிட்டு எல்லாம் வேணும் என்றால் எப்படி?"

மலிவானதை விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்ஸ்அப் மட்டும் போதும் என்ற வீட்டுக்கு வட்ஸ்அப் மட்டும் விற்கட்டும். கட்டாரில் இருக்கும் மகனோடு கதைக்கும் உம்மாவுக்கு வேறு எதுவும் தேவை இல்லை. ஆனால் அதை "டேட்டா" என்றும் "நெட்" என்றும் சொல்லி விற்காதீர்கள். எங்கள் வாப்பா டவுனில் சில்லறைக் கடை வைத்திருந்தார். குறுணல் அரிசியும் விற்பார், மலிவாக விற்பார். ஆனால் குறுணல் என்று சொல்லித்தான் விற்பார். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது அவருக்கு லாபமாகத் தெரியவில்லை. குறுணல் விற்பது குற்றம் இல்லை, பெயர் மாற்றி விற்பதுதான் குற்றம்.

இது மலையகத்தின் சின்னப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 2016 பெப்ரவரியில், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைப்பதையே அவர்களின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான வழக்கு நடந்தது. ஜெர்மனியில் ஒரு பெரிய கம்பனி, குறிப்பிட்ட செயலிகளுக்கு டேட்டா குறையாது என்று பாஸ் விற்றது. ஆனால் ஹொட்ஸ்பொட்டில் பாவித்தால் அந்தச் சலுகை இல்லை, அது வழக்கமான டேட்டாவில் கழியும் என்று நிபந்தனை போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டெம்பர் 2 ஆம் திகதி தீர்ப்புச் சொன்னது. செயலியைப் பார்த்துச் சலுகை கொடுப்பதே எல்லாத் தரவையும் சமமாக நடத்த வேண்டும் என்ற சட்டத்துக்கு முரண், ஆகவே அதோடு ஒட்டிய ஹொட்ஸ்பொட் கட்டுப்பாடும் செல்லாது என்றது.

அமெரிக்காவில் 2012 ஜூலையில் வெரைசன் கம்பனி 12.5 லட்சம் டொலர் கட்டி ஒரு விசாரணையை முடித்துக்கொண்டது. லெப்டொப்புக்கு இன்டர்நெட் கொடுக்கும் செயலிகளைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் செய்தது என்பதுதான் விவகாரம். அளந்து டேட்டா வாங்கியவர் தன் டேட்டாவை லெப்டொப்பில் பாவிக்க மேலதிகமாகக் காசு கேட்கவும் முடியாமல் போனது. எளிய நியாயம்தான். 1 ஜீபி வாங்கினால் அது 1 ஜீபி. போனில் முடித்தாலும் லெப்டொப்பில் முடித்தாலும் அது வாங்கியவர் விருப்பம்.

நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. தடை வேண்டாம், உண்மை சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெக்கேஜின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் மூன்று விசயம் போடட்டும். எந்தத் தளத்துக்கும் ஓடும் பகல் டேட்டா எவ்வளவு? ஹொட்ஸ்பொட்டில் ஓடுமா, ஓடாதா? அளவு முடிந்த பிறகு வேகம் என்ன? மூன்று வரிதான். இதைக் கட்டாயமாக்கும்படி கேட்க நமக்கு இடம் இருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம், 1996 இல் திருத்தப்பட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உருவானதே பாவனையாளரையும் பார்த்துக்கொள்ளத்தான். முதலில் கம்பனிக்கு எழுதுங்கள், பதில் சரியில்லை என்றால் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். "நெட் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் "சிக்னல் பார்க்கிறோம்" என்றுதான் பதில் வரும். பெக்கேஜின் பெயர், வாங்கிய திகதி, மிச்சம் காட்டும் திரையின் படம், அதே நேரத்தில் திறக்காத தளத்தின் படம் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.

ரீலோட் கடைச் சகோதரர்களே, உங்களிலும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். நீங்கள் கம்பனி இல்லை, பெக்கேஜை நீங்கள் செய்யவும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை வந்து "நெட் கார்ட் ஒண்ணு" என்று கேட்டால், "போனுக்கா, லெப்டொப்புக்கா?" என்று ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு விநாடிதான் போகும்.

ஆசிரியர்களே, நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நாம் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் போட்டோம். பிள்ளைகளும் வட்ஸ்அப் பெக்கேஜோடு பழகிவிட்டார்கள். இன்றைக்கும் வட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கை அனுப்பிவிட்டு "இதைத் திறந்து படி" என்கிறோம். லிங்க் வந்து சேரும், ஆனால் அது காட்டும் பக்கம் பெக்கேஜுக்கு வெளியே. பிள்ளை திறக்கவில்லை என்றால் சோம்பேறி என்கிறோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பிள்ளைகளின் முகம் ஞாபகம் வருகிறது. முடிந்தால் லிங்க் அனுப்பாமல் கோப்பையே அனுப்புங்கள். வட்ஸ்அப்புக்குள் வரும் பீடிஎஃப் அந்தப் பெக்கேஜிலேயே இறங்கும்.

பெற்றோரே, பிள்ளை விண்ணப்பம் போட வேண்டிய வாரத்தில் சோசியல் மீடியா பெக்கேஜ் போதும் என்று நம்ப வேண்டாம். முடிவுத் திகதிக்கு மூன்று நாளைக்கு முன்பே, போனின் குரோமில் அந்த விண்ணப்பப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால்தான் உங்களிடம் இன்டர்நெட் இருக்கிறது.

உங்கள் போனில் இப்போதே அந்தச் சோதனையைச் செய்து, திறந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். பெக்கேஜின் பெயரையும் போடுங்கள், கம்பனியைத் திட்ட வேண்டாம். ஐம்பது பேர் எழுதினால், அந்தப் பட்டியலையும் சேர்த்து நானே ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதுகிறேன்.

அடுத்த தடவை ஒரு பிள்ளை "ஹொட்ஸ்பொட் கனெக்ட் ஆகுது, ஆனா நெட் இல்ல" என்று வந்தால், "உனக்குப் பாவிக்கத் தெரியாது" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவள் சொல்வது சரி. நெட் இல்லைதான்.